பாறைப் பக்கம் திரும்பிய பந்து

"ட்வெல்த்ல ஃபிசிகல் எஜுகேஷன் பாடத்தத் தூக்கிடலாம்னு பாக்கறேம்மா. பந்து உதைக்கறதுக்கு எதுக்குப் பரீட்சை?"

பள்ளி முதல்வர் இப்படிச் சொன்னதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவரும் என்னைப் போலத் தமிழ்க்காரர்தான், இந்தத் தெலுங்கு ஊரின் மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். கோபப்படாமல் பேசுவார், அதுதான் இன்னும் கடுப்பு. அந்தப் பாடம் போய்விட்டால் எனக்கு மிஞ்சுவது விசில் ஊதுவதும் அசெம்பிளியில் வரிசை நிறுத்துவதும்தான்.

"ஒரே ஒரு கிளாஸ் வந்து பாருங்க மேடம். அப்புறம் தாராளமா தூக்கிடுங்க," என்றேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும்.

சுழலும் பந்து காற்றில் வளைகிற மேக்னஸ் விளைவைத்தான் எடுத்துக்கொண்டேன். மைதானத்தின் ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, மறுபக்கம் இந்த ஊருக்கே உரிய பெரிய பாறை. பிள்ளைகளைக் கோல் கம்பத்தருகே நிறுத்தினேன். முதல்வர் குடையோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

வலது காலின் உள்பக்கத்தால் பந்தின் வலது ஓரத்தை உதைத்தால் அது இடப்பக்கமாகச் சுழன்றுகொண்டு போகும். இடது ஓரம் எதிர்வரும் காற்றோடு சேர்ந்து நகர்வதால் அங்கே காற்று வேகமாக ஓடும், அழுத்தம் குறையும். வலது ஓரம் காற்றை எதிர்த்து வருவதால் அங்கே அழுத்தம் கூடும். ஆக, பந்து இடது பக்கம், தொட்டியை நோக்கி வளையும். இதை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

வளைவு கண்ணுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று சின்ன வகுப்புப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் பந்தை வாங்கி வைத்திருந்தேன். வழவழப்பு, கனம் இல்லை. ஒரு முறை உதைத்துப் பார்த்துக்கொள்ளத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷமாக உதைக்கிற காலுக்கு ஒத்திகை எதற்கு?

உதைத்தேன். பந்து பாறைப் பக்கம் திரும்பியது.

"அரே மேடம், உல்டா போயிடுச்சு!" என்றாள் கோல்கீப்பர் பெண். தொட்டிப் பக்கம் தாவித் தரையில் கிடந்தாள் பாவம். எல்லோரும் சிரித்தார்கள். முதல்வர் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆனால் என் கால் தப்பவில்லை, அது எனக்குத் தெரியும். அதே மாதிரி மறுபடியும் உதைத்தேன். மறுபடியும் பாறைதான். அட, அப்படியானால் காலில் குற்றமில்லை, பந்தில்தான் ஏதோ இருக்கிறது!

"இதுக்கும் நம்ம மேட்ச் பந்துக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன்.

"தையல் இல்ல மேடம்," என்றாள் அவள், முழங்கையைத் தட்டிக்கொண்டே.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பையிலிருந்து புதுக் கிரிக்கெட் பந்தை எடுத்து அதன் தையலைக் காட்டினேன். வேகப்பந்து வீச்சாளரின் ஸ்விங்கை மேக்னஸ் விளைவு என்று பரீட்சையில் எழுதுகிறவர்களை நான் சும்மா விட்டதில்லை. மேக்னஸ் என்பது சுழற்பந்து காற்றிலேயே நகர்வதற்கு. ஸ்விங் வேறு சங்கதி. சாய்த்துப் பிடித்த தையல், தன் பக்கத்துக் காற்றைக் கலைத்துவிடும். கலைந்த காற்று பந்தை விடாமல் ஒட்டிக்கொண்டு போகும், மறுபக்கத்துக் காற்று சீக்கிரம் பிரிந்துவிடும். பந்து தையல் காட்டும் பக்கம் திரும்பும்.

"வழவழப் பந்துல தையல் வேலைய சுழற்சியே செய்யுது. வலது ஓரம் காத்த எதிர்த்து வருது பாருங்க, அங்க மட்டும் காத்து கலைஞ்சு ஒட்டிக்குது. இடது ஓரத்துல முன்னாடியே பிரிஞ்சிடுது. அதனாலதான் உல்டா. பந்து முழுக்கச் சொரசொரப்பா இருந்தா ரெண்டு பக்கமும் கலைஞ்சிடும், நான் முதல்ல சொன்னபடி தொட்டிப் பக்கமே வளையும்."

"நிஜமாவா?" என்றார் முதல்வர். அன்று அவர் கேட்ட முதல் கேள்வி.

"டேப் கொண்டாங்க!" என்றேன். டென்னிஸ் பந்தில் டேப் சுற்றி ஆடாத பிள்ளை இந்த ஊரில் உண்டா? மூன்று பைகளிலிருந்து டேப் வந்தது. கீற்றுக் கீற்றாகக் கிழித்து, இடைவெளி விட்டு அந்தப் பிளாஸ்டிக் பந்து முழுக்க ஒட்டினார்கள்.

கோல்கீப்பர் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டாள். "மேடம், இப்போ தொட்டிதானே? நான் போயிடுவேன், பாத்துக்கோங்க."

"போடி, தைரியமாப் போ."

உதைத்தேன். பந்து கிளம்பும் முன்பே அவள் தொட்டிப் பக்கம் தாவிவிட்டாள். டேப் கீற்றுகள் பளபளக்க, பந்து வளைந்து வந்து அவள் நெஞ்சிலேயே விழுந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் மாடி வகுப்பு ஜன்னல்கள் திறந்தன.

முதல்வர் எழுந்து வந்து அந்தப் பந்தை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். குடையை மடக்கிக்கொண்டு நடந்தவர், பாதி மைதானத்தில் நின்று திரும்பினார்.

"ஏம்மா, இந்த வெயில்ல பிள்ளைங்கள நிக்க வெக்காதீங்க. அடுத்த வருஷம் ட்வெல்த்துக்கு உங்க பாடத்த ஃபர்ஸ்ட் பீரியட்ல போட்டுடறேன்."

"சரி மேடம்!" என்று கத்திவிட்டுப் பிள்ளைகளைத் தொட்டி நிழலுக்கு ஓட்டினேன்.