டாக்டருக்கு அனுப்பிய மாத்திரைப் படங்கள்

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நல்ல வெளிச்சம் விழக் காலை பத்து மணியாகும். எதிரே இருக்கும் மசாலாக் கிடங்கின் கூரையைத் தாண்டித்தான் வெயில் வர வேண்டும். அம்மாவின் மருந்துகளைப் படம் எடுக்க அந்த நேரம் வரைக்கும் காத்திருந்தேன். ஒவ்வொரு புட்டியையும் துடைத்து, முகத்தைச் சற்றே திருப்பி, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் பெண்ணின் படத்தைப் போல எடுத்தேன். என் படங்களை யாருக்கும் அவ்வளவு அக்கறையாக அனுப்பியதில்லை. அதனால்தான் இன்றைக்கும் அம்மாவோடு இந்த வீட்டில் இருக்கிறேனோ என்னவோ.

முந்தைய நாள் எர்ணாகுளத்தில் சிறுநீரக டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அம்மாவின் ரத்தத்தில் கிரியாட்டினின் இரண்டு வருடமாக ஒரே இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தது. இந்தத் தடவை திடீரென்று ஏறியிருந்தது. சிறுநீரகம் முன்னைப்போல வேலை செய்யவில்லை என்று அர்த்தம். டாக்டர் தாளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"வேற மருந்து எந்தெங்கிலும் கழிக்குந்நுண்டோ அம்மே?" வேறு மருந்து ஏதாவது சாப்பிடுவதுண்டா என்று மலையாளத்தில் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சாரே. சார் எழுதித் தர்றது மட்டும்தான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். வீட்டில் இருப்பதையெல்லாம் படம் எடுத்துத் தனக்கு அனுப்பும்படி சொல்லி, வாட்ஸ்அப் எண்ணை எழுதிக் கொடுத்தார். எங்களைப் போன்ற குடும்பங்களை நிறையப் பார்த்தவர் என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அலமாரியைத் திறந்து வரிசையாக எடுத்து வைத்தாள். அவள் எதையும் மறைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

"ஒண்ணுமில்லன்னு டாக்டர்கிட்ட சொன்னியே?"

"இதொண்ணும் மருந்தில்லடி. உன் அண்ணன் கொண்டாந்தது."

எங்கள் தெருவில் இது ஏற்றுக்கொள்ளப்பட்ட சட்டம். காசு கொடுத்து வாங்கினால் மருந்து. துபாயிலிருந்து வந்தால் பிரியம். முன்பெல்லாம் வாசனைத் திரவியமும் பாதாமும் கொண்டுவந்த அண்ணனும் அண்ணியும், அம்மாவுக்கு வயதாக ஆக, புட்டிகளுக்கு மாறியிருந்தார்கள். முட்டிக்குக் குளுக்கோசமைன், மீன் எண்ணெய், மஞ்சள் மாத்திரை, தண்ணீரில் போட்டால் பொங்குகிற வைட்டமின் சி. பிரியத்தைத் திறக்காமல் வைத்திருந்தால் அடுத்த லீவில் அண்ணி கேட்பாள். ஆகவே அம்மா தினமும் ஒழுங்காகப் பிரியத்தை விழுங்கிவந்தாள். கீழ் வீட்டுச் சேச்சி கொடுத்த பச்சிலைப் பொடியும் இருந்தது, பெயரில்லாத டப்பாவில். கடைசியாக இரண்டு மாத்திரை அட்டைகள்.

செய்தியை மலையாளத்தில் எழுதினேன். முதலில் எழுதியதில் வணக்கமும் மன்னிப்பும் மட்டும் ஒரு பக்கம் இருந்தன, எல்லாவற்றையும் அழித்துவிட்டு இப்படி அனுப்பினேன்: "டாக்டர், அம்மா எடுப்பவை இவை. ஒன்று முதல் நான்கு வரை என் அண்ணன் கொண்டுவந்த சத்து மாத்திரைகள். ஐந்து, பச்சிலைப் பொடி, உள்ளே என்ன என்று தெரியாது. ஆறு, முதுகு வலிக்கு எப்போதாவது டைக்ளோஃபெனாக். ஏழு, பாராசிட்டமால், முட்டி வலிக்கு. எதெல்லாம் பாதுகாப்பானவை, எதை நிறுத்த வேண்டும்?"

பதில் மத்தியானம் வந்தது. முதல் வரி: ஏழாம் படத்து அட்டையின் பின்பக்கத்தை அனுப்பவும்.

திருப்பினேன். எல்லாவற்றுக்கும் முகத்தை மட்டும்தான் எடுத்திருந்தேன். எது எதற்கு நல்லது என்று பெருமையடித்துக்கொள்வது முகம், உள்ளே இருப்பதைச் சொல்வது முதுகு. இவ்வளவு புத்தகம் படித்த எனக்கு அது தோன்றவில்லை. அந்த அட்டையின் முதுகில் இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டாவது பாராசிட்டமால். முதலாவது அசிக்ளோஃபெனாக்.

படத்தை அனுப்பினேன். இந்தத் தடவை பதில் உடனே வந்தது. ஆறையும் ஏழையும் இன்றே நிறுத்துங்கள், இரண்டும் ஒரே வகை வலி மாத்திரைகள், சிறுநீரகத்துக்கு ஆகாது. நான் எழுதித் தந்த பிரஷர் மாத்திரையோடும் நீர் பிரிவதற்கான மாத்திரையோடும் சேரும்போது இன்னும் மோசம். ஐந்தாவதான பொடி வேண்டாம். மஞ்சளும் வைட்டமின் சியும் இந்த அளவில் வேண்டாம். குளுக்கோசமைனால் பெரிய பயனில்லை, நிறுத்தலாம். மீன் எண்ணெயால் கெடுதலில்லை, தேவையுமில்லை. வலிக்கு வெறும் பாராசிட்டமால், நான் சொல்லும் அளவுக்குள். கடைசியில் ஒரு கேள்வி: ஏழாவது மாத்திரை ஒரு நாளைக்கு எத்தனை, எவ்வளவு நாளாக?

அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த முட்டி மாத்திரை எத்தனை போடுவ?"

"காலைல ஒண்ணு. ராத்திரி ஒண்ணு."

"தினமுமா?"

"பாராசிட்டமால்தானடி. சார்தான சொன்னாரு, வலிச்சா அது போட்டுக்கலாம்னு."

"இது அது மட்டும் இல்லம்மா. கூட வேற ஒண்ணு இருக்கு."

"கடைல வெறும் பாராசிட்டமால் தந்தாங்க, அதுக்கு வலி கேக்கல. அதே மருந்துல கொஞ்சம் பலமா தாங்கன்னேன். தந்தாங்க. நானும் இங்கிலீஷ் எழுத்தக் கூட்டிப் பாத்துதான் வாங்கினேன், பாராசிட்டமால்னு போட்டிருந்துச்சு."

"எப்பலேர்ந்து?"

"ஓணத்துக்கு முன்னாடி."

நாங்கள் இதைப் பேசும்போது பங்குனி வெயில், ஓணம் போய் ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த மாதங்களில் அம்மா தினமும் சந்தைக்கு நடந்து போய்வந்ததை நினைத்துக்கொண்டேன். முட்டி சரியாகிவிட்டது, எல்லாம் அண்ணனின் குளுக்கோசமைன்தான் என்று அண்ணி ஃபோனில் சொன்னாள். நானும் ஒப்புக்கொண்டு நன்றி சொன்னேன். அட்டை தினமும் மேஜையில்தான் கிடந்தது, நான் சாயா குடிக்கும் டம்ளருக்குப் பக்கத்தில்.

டாக்டருக்கு உள்ளது உள்ளபடி எழுதினேன். அவர் திட்டவில்லை. இரண்டு வாரம் கழித்து ரத்தம் பார்க்கச் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குச் சற்று நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டாவது சோதனையில் கிரியாட்டினின் கொஞ்சம் இறங்கியிருந்தது. பழைய இடத்துக்கு வரவில்லை. அடுத்த மாதமும் அங்கேயே நின்றது. போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றுவோம் என்று டாக்டர் சொன்னார். அம்மாவுக்கு அது புரிந்தது. "இதுக்கு மேல ஏறாம இருந்தா போதும் சாரே" என்றாள், விலை குறையாத கடையில் பேரத்தை விட்டுவிடுகிற குரலில்.

முட்டி வலி மட்டும் முழுசாகத் திரும்பி வந்தது. வெறும் பாராசிட்டமால் அதைக் கண்டுகொள்ளவில்லை. வெந்நீர் ஒத்தடம், பிசியோதெரபி, கைத்தடி எல்லாம் வந்தன. சந்தைக்கு நான் போகிறேன். நான் வாங்கிவருகிற வெண்டைக்காயை அம்மா ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்து, பாதியை ஒதுக்கிவைக்கிறாள்.

போன மாதம் பாலக்காட்டில் அவள் தங்கை பேத்திக்குக் கல்யாணம். அதற்கு முந்தைய வாரம் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சாருக்கு ஒண்ணு எழுது."

"என்ன?"

"கல்யாணத்தன்னிக்கு மட்டும். ஒண்ணே ஒண்ணு. அந்த பழைய மாத்திரை."

"என்ன சொல்வாருன்னு உனக்குத் தெரியும்மா."

"உன்கிட்டயா கேட்டேன்? நீ வேண்டாம்னா எனக்குக் கோவம் வரும். அவரு சொன்னா வராது. எழுது."

எழுதினேன். படம் எதுவும் சேர்க்கவில்லை. பதில் வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளே வாசித்தாள். மலையாளம் என்னைவிட அவளுக்கு நன்றாக வரும். வேண்டாம், ஒன்றுகூட வேண்டாம், பாராசிட்டமால் போடலாம், வலித்தால் அம்மாவை உட்காரச் சொல்லுங்கள்.

"உக்காரணுமாம்" என்றாள். "கல்யாண வீட்டுல உக்கார்றவங்களுக்கு எங்க நாற்காலி போடுவாங்க தெரியுமா? கை கழுவுற இடத்துக்குப் பக்கத்துல. மணவறையும் தெரியாது, பந்தியும் தெரியாது."

"முன்னாடி போடச் சொல்றேன்மா. நான் பக்கத்துலயே இருக்கேன்."

"நீ இருந்து என்ன, பொண்ணுக்கு நலங்கு நான்தான நின்னு வைக்கணும்."

உட்கார்ந்துகொண்டே வைக்கலாம், மணப்பெண்ணைக் குனியச் சொல்லலாம் என்றேன். அம்மா ஃபோனை என் கையில் கொடுத்து, சரி என்று சாருக்குப் பதில் போடச் சொன்னாள்.