வைவாவில் நான் குறைத்த மார்க்

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் நான் ஜாவா புரோகிராமிங் லேப் நடத்திய காலம். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் காட்டுமன்னார்கோயில் பக்கத்து மாணவி ஒருத்தியிடம் கேட்டேன். “வண்டி ஒரு கிளாஸ், அதிலிருந்து வந்த பஸ் இன்னொரு கிளாஸ். ரெண்டிலும் ‘புறப்படு’ன்னு ஒரு மெத்தட் இருக்கு. வண்டின்னு அறிவிச்ச வேரியபிளில் பஸ் ஆப்ஜெக்டை வச்சிருக்கோம். ‘புறப்படு’ன்னு கூப்பிட்டா எந்த கிளாஸோடது ஓடும்?”

“பஸ்ஸோடதுதான் சார். நாம மெசேஜ் மட்டும்தான் அனுப்புறோம். வாங்குற ஆப்ஜெக்ட்தான் ஓடும்போது மெத்தடை முடிவு பண்ணுது. அதான் லேட் பைண்டிங்.”

“வேரியபிள் வண்டிதானே? உளறாதே!” என்று கத்தி மார்க்கைக் குறைத்தேன். நான் படித்த சி ப்ளஸ் ப்ளஸில் ‘விர்ச்சுவல்’ என்று எழுதாவிட்டால் வேரியபிளின் கிளாஸில் உள்ளதுதான் ஓடும். ஜாவாவில் அது தேவையே இல்லை.

எல்லோரும் போனபின் அதையே புரோகிராமாக எழுதி ஓட்டிப் பார்த்தேன். திரையில் பஸ்தான் புறப்பட்டது. மார்க் பட்டியல் இன்னும் என் கையில்தான் இருந்தது. திருத்தவில்லை.

அடுத்த வருஷம் அவள் சொன்னதையே, எனக்கே தோன்றியதுபோல, வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள்.