ஐந்துக்குச் சரி, நாலுக்குத் தப்பு

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். வேலை தற்காலிகம். ஜூனில் சேர்ப்பார்கள், ஏப்ரலில் விலக்குவார்கள். கரிசல் வெடித்துக் கிடக்கும் அந்த இரண்டு மாதமும் நாங்கள் யாரோ, அவர்கள் யாரோ. அப்படியே பல வருடம் ஓடிய பிறகு ஒரு நிரந்தர இடம் காலியானது. எம்.பில். முடித்திருக்க வேண்டும் என்றார்கள். நான் அங்கேயே பகுதிநேரமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நேர்முகத்துக்கு முன்னால் முடிவு வந்துவிட்டால் வேலை எனக்குத்தான் என்று துறைத்தலைவர் வாய்விட்டே சொல்லியிருந்தார். என் ஆய்வுக்கு வழிகாட்டியும் அவர்தான்.

ஆய்வேட்டின் உயிர் மூன்றாம் அத்தியாயம். அதற்கு அடிப்படை, எம்.எஸ்சி. மாணவர்களுக்கு வருடா வருடம் நான் நடத்தும் ஒரு தேற்றம். விகிதமுறு எண்களை வைத்துக்கொண்டு சிறு காரணிகளாக உடைக்க முடியாத ஓர் ஐந்தாம் படிச் சமன்பாடு. அதன் ஐந்து மூலங்களில் மூன்று மெய்யெண்கள், இரண்டு மட்டும் மெய்யல்லாதவை. அப்படியானால் அதன் கால்வா குலம், அதாவது அந்த மூலங்களுக்கு அனுமதிக்கப்பட்ட இடமாற்றங்களின் கூட்டம், முழுச் சமச்சீர் குலம்தான். ஐந்து மூலங்களை இடம் மாற்றி வைக்க நூற்றிருபது வழி உண்டு. அத்தனையும் அந்தக் குலத்துக்குள் இருக்கும்.

நிரூபணம் அழகானது. சமன்பாடு உடையாததால் குலத்தின் அளவு ஐந்தால் வகுபடும். ஐந்து பகா எண் என்பதால், ஐந்து மூலங்களையும் ஒரே வட்டமாகச் சுற்றிவிடும் சுழல் ஒன்று குலத்தில் இருந்தே தீரும். அடுத்து, கலப்பெண்களில் கற்பனை எண் i இருக்கும் இடத்தில் −i போட்டால் மெய்யான மூன்றும் அசையாது. மற்ற இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். ஆக ஒரு சுழல், ஒரு இடமாற்றம். இடம் மாறும் இருவரும் வட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் இல்லாவிட்டாலும் கவலையில்லை. சுழலையே இரண்டு தடவை சுற்றினால் அதுவும் ஐந்து பேரையும் தொட்டு வரும் சுழல்தான், அந்த வட்டத்தில் அவர்கள் பக்கத்தில் வந்துவிடுவார்கள். பக்கத்து இருவரை மாற்றத் தெரிந்து, வட்டத்தைச் சுற்றவும் தெரிந்தால், யாரை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம்.

இதை ஐந்தோடு நிறுத்துவானேன் என்று எனக்குத் தோன்றியது. ஐந்து இருந்த இடத்தில் எல்லாம் n என்று எழுதினேன். எந்தப் படியானாலும் சரி, மெய்யல்லாத மூலங்கள் இரண்டே இரண்டு என்றால் குலம் முழுச் சமச்சீர் குலம். இதுதான் என் புதுத் தேற்றம். தலைப்பும் ‘ஒரு பொதுமைப்பாடு’ என்று பல்கலைக்கழகத்தில் பதிவாகிவிட்டது. துறைத்தலைவர் படித்துப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்றார். எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

டி.டி.பி. கடையில் அடித்த தாள்களில் கணிதக் குறிகளுக்கு இடம் விட்டிருப்பார்கள்; நாம் கறுப்பு மையில் எழுதி நிரப்ப வேண்டும். என்னோடு எம்.பில். செய்த தோழி ஒருத்தி, விளாத்திகுளத்தில் பள்ளி ஆசிரியை, உதவிக்கு வந்திருந்தாள். ஆய்வேட்டில் பக்கம் குறைகிறது என்பது துறைத்தலைவரின் ஒரே குறை. அவள் தாள்களைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்.

“எக்கா, அஞ்சாம் படிக்கு ஒரு எடுத்துக்காட்டு போட்டிருக்கீய. நாலாம் படிக்கும் ஒண்ணு போடுங்களேன். ரெண்டு பக்கம் கூடுமில்லா.”

“ஏட்டி, நல்ல யோசனையா இருக்கே” என்று சொல்லி அங்கேயே பேனாவை எடுத்தேன்.

கைக்கு முதலில் வந்தது x⁴ − 2. உடையாதது. மூலங்கள் நான்கு: இரண்டின் நான்காம் படிமூலம், அதன் எதிர்க்குறி, இவற்றை i-யால் பெருக்கி வரும் இரண்டு. மெய்யல்லாதவை சரியாக இரண்டு. என் தேற்றப்படி குலத்தின் அளவு இருபத்துநான்கு வர வேண்டும். போட்டுப் பார்த்தால் எட்டு வந்தது. கணக்கில் பிசகு என்று நினைத்துத் திரும்பப் போட்டேன். எட்டுதான்.

எட்டு என்று எனக்கு முன்பே தெரியும். கால்வா பாடத்தில் நான் நடத்தும் முதல் எடுத்துக்காட்டே அதுதான். இரண்டையும் ஒரே வாயால் நடத்திவிட்டு, பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் போனேன். நான்கு மூலங்களும் ஒரு சதுரத்தின் மூலைகள். இடம் மாறும் இருவரும் எதிரெதிர் மூலையில் இருக்கிறார்கள். அவர்களைப் பக்கத்தில் கொண்டுவரலாம் என்று இரண்டு தடவை சுற்றினால், நான்கு ஒன்றும் பகா எண் இல்லையே, சுழலே இரண்டு துண்டாக உடைந்துபோகிறது. சதுரம் சதுரமாகவே சுற்றிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, படி பகா எண்ணாக இல்லாவிட்டால் அந்தச் சுழலே குலத்தில் இல்லாமலும் போகலாம். இரண்டு தூணும் ஒரே நாளில் விழுந்தன.

“என்னக்கா, மூஞ்சி இப்படி ஆயிட்டு?” என்றாள் தோழி. தாளைத் திருப்பிக் காட்டினேன். அவளும் ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். “நான் சும்மா இருந்திருக்கலாம்” என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் துறைத்தலைவரிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை.

“ஏம்மா, இதை யாரு உக்காந்து படிக்கப் போறா? அப்படியே பைண்டு பண்ணிக் குடு.”

“சார், தேற்றமே தப்பு சார்.”

“தப்புன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூணாவது ஆளுக்கு எதுக்குத் தெரியணும்?”

எனக்கு நேர்மை ஒன்றும் பொங்கி வழியவில்லை. அந்த வேலை கிடைத்தால் ஜூலை மாதம் அதே வகுப்பில் நின்று அதே x⁴ − 2-ஐ நடத்தியாக வேண்டும். எட்டு என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் நூலகத்தில் இருக்கும் என் ஆய்வேடு இருபத்துநான்கு என்று சொல்லிக்கொண்டிருக்கும். அந்த ஒன்றை மட்டும் என்னால் தாங்க முடியாது என்று தெரிந்தது. n இருந்த இடத்தில் எல்லாம் ‘பகா எண்’ என்று திருத்தி, நாலாம் படிக்கு ஏன் பலிக்காது என்பதையும் எழுதிச் சேர்த்துக் கொடுத்தேன். பகா எண்ணுக்கு இது உண்மை என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது என்பதும் தெரிந்துதான் கொடுத்தேன். வேறு வழி?

வெளித் தேர்வாளரின் அறிக்கை நேர்முகத்துக்கு முந்தின வாரம் வந்தது. அவர் படித்திருந்தார், ஒரு வரி விடாமல். நிரூபணங்கள் எல்லாம் சரி; தலைப்பு சொல்லும் பொதுமைப்பாடு எதுவும் இதில் இல்லை; மாற்றி எழுதி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும்.

துறைத்தலைவர் அதை மடித்து என் கையில் கொடுத்தார். அவருக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். “தப்பா இருந்திருந்தா புதுசா இருந்திருக்குமே தாயி” என்றார்.

வேலை வேறொருவருக்குப் போனது. நான் மாற்றி எழுதி எம்.பில். வாங்கும்போது அடுத்த ஏப்ரல் வந்துவிட்டது, வழக்கம்போல் விலக்கினார்கள். ஜூனில் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு அப்படி ஓர் இடம் என் கண்ணில் படவே இல்லை. ஒரு மெட்ரிக் பள்ளியில் பிளஸ் டூ ஆசிரியையாகச் சேர்ந்தேன், அங்கேயே இருந்துவிட்டேன். கால்வா என்ற பெயரை உச்சரிக்க வேண்டிய தேவையே வராத வேலை அது.

ஆனால் கலப்பெண் பாடத்தில் நான்காம் படிமூலம் காண்பது உண்டு. வருடத்துக்கு ஒருமுறை கரும்பலகையில் வட்டம் போட்டு நான்கு புள்ளி வைக்க வேண்டும். மெய் அச்சில் இரண்டு, மேலே ஒன்று, நேர் கீழே ஒன்று. சேர்த்தால் சதுரம். ஒரு தடவை முன்பெஞ்சில் இருந்த ஒரு பெண், நான் கடைசிக் கோட்டைப் போடுவதற்குள்ளேயே, “இது ரொம்ப ஈஸி டீச்சர்” என்றாள்.

“ஆமா, ஈஸிதான்” என்று சொல்லிவிட்டு அழித்தேன்.