கூரை பறக்கும் என்றாலும் ஓகே

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், குரோம்பேட்டை ரப்பர் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். பதினொரு மிஷின்களுக்கும் வாராவாரம் பாதுகாப்பு அறிக்கை அச்சடிக்கும் புரோகிராமை நான்தான் எழுதினேன். அதில் ஒரு வரி: ‘சிவப்பு பட்டனை அழுத்தினால் மிஷின் நிற்கும்.’ சூப்பர்வைசர் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தருவார். அழுத்தினார்களா? நின்றதா? அழுத்தியும் நிற்காவிட்டால் மட்டும் ‘தவறு’, மற்றதெல்லாம் ‘ஓகே’. கல்லூரி லாஜிக் பாடத்தில் படித்த உண்மை அட்டவணை அப்படியே. யாரும் அழுத்தாத வாரமும் ஓகேதான்.

ஒரு மதியம் ரோலரில் பெல்ட் சிக்கி மோட்டார் எரிந்தது. ஓட்டியவர் செம்பாக்கத்துக்காரர், பதினெட்டு வருட சர்வீஸ். கைக்கெட்டும் பட்டனைத் தொடாமல், ஷெட்டின் மறுகோடியில் இருந்த மெயின் சுவிட்சுக்கு ஓடியிருக்கிறார். அலட்சியம் என்று சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணையில் வேலையே போகலாம்.

விசாரணை அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேனேஜர் என் அறிக்கைக் கட்டைத் தூக்கிக் காட்டினார். “இந்த மிஷினுக்கு நாற்பது வாரம் ஓகே. அழுத்தியிருந்தா நின்னிருக்கும்.”

“இன்னா சார், அந்த பட்டன் செத்து எவ்ளோ நாளாச்சு! அத்த நம்பிகினு நின்னிருந்தா ஷெட்டே எரிஞ்சிருக்கும்” என்றார் செம்பாக்கத்துக்காரர். சூப்பர்வைசர் ஜன்னலைப் பார்த்தார்.

கட்டைப் புரட்டினேன். நாற்பது வாரத்தில் ஒருமுறைகூட யாரும் அழுத்தவில்லை. பத்து நிமிடம் கேட்டு வாங்கி, புரோகிராமில் ‘பட்டனை அழுத்தினால் கூரை பறக்கும்’ என்று ஒரு வரி சேர்த்து அச்சடித்து வந்தேன். அதற்கும் நாற்பது ஓகே.

“என்னம்மா, விளையாடறியா?”

“இல்ல சார். யாரும் அழுத்தாததால இந்தப் பேப்பர் எதுக்கும் ஓகே சொல்லும். நிக்கும்னாலும், நிக்காதுன்னாலும். அன்னிக்கு அழுத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரியணும்னா, அன்னிக்கு ஒயர் எப்படி இருந்ததுன்னு தெரியணும். புரோகிராம் அதைப் பார்க்கவே இல்ல. தப்பு என்னோடது.”

“இப்பவே போய் அழுத்திப் பார்த்துடலாமே.”

“மோட்டார் மாத்தும்போது ஒயரையும் மாத்திட்டாங்க சார். இப்ப நிக்கறதை வெச்சு அன்னிக்கும் நின்னிருக்கும்னு சொல்ல முடியாது.”

பழைய ஒயர் காயலான் கடைக்குப் போய்விட்டிருந்தது. குற்றம் நிரூபணமாகவில்லை என்று சஸ்பென்ஷன் நீங்கியது. ஆனாலும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் அவர் கேட்டார். “நான் செஞ்சது கரெக்டா இல்லியா, மேடம்?”

“நீங்க சொல்றதை நான் நம்பறேன் அண்ணா. ஆனா நிரூபிக்க முடியாது.”

“பேஜாரா கீது” என்று கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே புரோகிராமில் மூன்றாவதாக ஒரு பதில் சேர்த்தேன்: ‘சோதிக்கவில்லை’. திங்கள்தோறும் ஒருமுறை பட்டனை அழுத்திப் பாருங்கள் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். உற்பத்தி கெடும் என்றார்.

அடுத்த அறிக்கையில் பதினொரு மிஷின்களுக்கும் ‘சோதிக்கவில்லை’. மேனேஜர் வழக்கம்போல் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். ஃபைலில் கோத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.