பிரதட்சணமாய்ப் போட்ட எண்கள்

நீடாமங்கலத்தில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். என் வீட்டுக்காரி பெரிய நோயில் படுத்து எழுந்தபோது, எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகத்தை மேலிருந்து படம் எடுத்து, கூலி வாங்காமல் தருவதாக வேண்டிக்கொண்டேன். கோயில்காரர்கள் போலீஸ் அனுமதிக்கு மனுவே போட்டுவிட்டார்கள். ட்ரோன்தான் என்னிடம் இல்லை.

தயாராய்க் கிடைப்பதை வாங்க வசதியில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய், துபாயிலிருந்து திரும்பி வந்தவர், "பாகமா வாங்குங்கண்ணே, பத்தவைக்கிறது என் வேலை" என்றார். நாலு மோட்டார், நாலு ரெக்கை, நடுவில் மூளை மாதிரி ஒரு போர்டு. ரிமோட் மாதிரி ஒரு கைப்பெட்டி; அதில் நாம் குச்சியைத் தள்ளினால் போர்டுதான் எந்த மோட்டார் எவ்வளவு சுற்ற வேண்டும் என்று தீர்மானிக்கிறது.

மோட்டாரிலிருந்து வரும் சின்ன ஒயர்களைப் போர்டில் செருகியது நான். ஒன்று முதல் நாலு வரை எண் போட்ட இடங்கள். முன்பக்கம் வலதில் ஒன்று, அங்கிருந்து சன்னதியைச் சுற்றுகிற மாதிரி வலமாகவே இரண்டு, மூன்று, நாலு. வேறு விதமாக இருக்கும் என்று தோன்றவே இல்லை. யாரையும் கேட்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, ரெக்கை மாட்டாமல் பாய் நாலு மோட்டாரையும் ஒன்றாக ஓட்டி, எது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று காகிதத் துண்டை நீட்டிப் பார்த்தார். இரண்டு வலமாய், இரண்டு இடமாய்.

"சாமி காரியத்துக்குப் போற சாமான் பாய். இடப்பக்கம் சுத்தலாமா?"

"நாலும் ஒரே பக்கம் சுத்துனா, சாமானே எதிர்ப்பக்கமா சுத்தும்ணே. அப்புறம் உங்க பிள்ளையாருக்கே தலை கிறுகிறுத்துப் போயிரும்."

சிரித்துக்கொண்டே ரெக்கைகளைப் பிரித்துக் காட்டினார். இரண்டு ஒரு வளைவு, இரண்டு மறு வளைவு. மோட்டார் சுற்றும் திசைக்கு ரெக்கையின் உயர்ந்த விளிம்பு முன்னால் போக வேண்டுமாம். மாறினால் காற்றைக் கீழே தள்ளாது.

பிறகு கைப்பெட்டியையும், அதன் சிக்னலை வாங்கப் போர்டோடு சேர்த்திருந்த ரிசீவரையும் ஜோடி சேர்த்தோம். ரிசீவரின் சின்னப் பொத்தானை அமுக்கிக்கொண்டே கரன்ட் கொடுத்தார். விளக்கு படபடவென்று மின்னியது. கைப்பெட்டியிலும் இணைக்கும் கட்டளை கொடுத்ததும் விளக்கு மின்னாமல் நின்று எரிந்தது. நான் குச்சியை அசைக்க, போர்டோடு இணைத்திருந்த கம்ப்யூட்டரில் கோடுகள் ஏறி இறங்கின. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஜும்மா முடிச்சிட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் தொடாதீங்க" என்று சொல்லிப் போனார் பாய்.

தொட்டேன். ரெக்கைகளை மாட்டி, சந்தனம் வைத்து, அறுப்பு முடிந்த வயலுக்கு எடுத்துப் போனேன். வீட்டுக்காரி வரப்பில் நின்றாள். குச்சியை ஏற்றினேன். ஓர் அடி எழும்பியிருக்கும். கிறுகிறுவென்று சுற்றி, தலைகீழாய் அடித்தது. ரெக்கை உடைந்து தெறித்தது. "என்னங்க!" என்றாள். புருவத்துக்கு மேலே ரத்தம். ஒரு விரல்கடை கீழே பட்டிருந்தால் கண்.

எவளுக்காக வேண்டிக்கொண்டேனோ அவளுக்கே.

பாய் வந்து அவள் நெற்றிக் கட்டைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை; அதுதான் தாங்க முடியவில்லை. மிச்சமிருந்த ரெக்கைகளைக் கழற்றிவிட்டு, இந்தத் தடவை மோட்டார்களை ஒவ்வொன்றாக ஓட்டினார். கம்ப்யூட்டரில் போர்டுக்காரன் காட்டும் வரைபடத்தில் ஒன்றாம் எண் பின்பக்கம் வலது. எங்கள் சாமானில் முன்பக்கம் வலது சுற்றியது. இரண்டாம் எண்ணும் அப்படியே இடம் மாறியிருந்தது. மூன்றும் நாலும் சரி.

"யாருண்ணே நம்பர் போட்டது?"

"நான்தான். பிரதட்சணமா."

"போர்டு செஞ்சவன் கோயிலைச் சுத்தலையேண்ணே" என்றவர், அவள் பக்கம் திரும்பி, "நானும் காலையிலயே ஒவ்வொண்ணா பாத்திருக்கணும். மன்னிச்சிருங்க அண்ணி" என்றார்.

இரண்டு ஒயரை மாற்றிச் செருகினோம். புது ரெக்கை போட்டதும் இடுப்பு உயரத்தில் அசையாமல் நின்றது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கும்பாபிஷேகத்தன்று கோபுரத்தடியில் புனித நீருக்குத் தலை நீட்டி நிற்கும் கூட்டம்தான் கண்ணில் வந்தது.

"வேண்டுதலை விட்டுடட்டுமா?" என்று அவளிடம் கேட்டேன்.

"ஏன் விடணும்? ஜனங்க தலைக்கு மேல வேணாம். கோயில் குளத்துக்கு மேல பறக்க விடுங்க. விழுந்தா தண்ணியில விழட்டும்."

கும்பாபிஷேகத்தில் அப்படியே செய்தேன். குளத்து எதிர்க்கரையில் யாரும் வராமல் கயிறு கட்டி, தண்ணீருக்கு மேலேயே நிறுத்தி எடுத்தேன். படத்தைப் பார்த்த கோயில் தலைவர் முகம் சுளித்தார்.

"என்னய்யா, கலசம் கடுகாட்டம் தெரியுது. பக்கத்துல போகலையா?"

"போகலைங்க" என்றேன். "பிள்ளையாருக்குத் தெரியும்ங்க."