டேப்பின் மடித்த முனை

பெல்ஜியத்தில் கென்ட் நகரத்து விளம்பர நிறுவனம் ஒன்றில் கிரீட்டுக்கு வேலை. முன்பு பக்கம் வடிவமைத்தாள். இப்போது படம் போடும் கணினி நிரலுக்குக் குறிப்பு எழுதுகிறாள். அதைத்தான் பிராம்ப்ட் என்கிறார்கள். என்ன படம், எந்தப் பாணி, எது வரக் கூடாது என்று எழுதிக் கொடுத்தால் அரை நிமிஷத்தில் நான்கு படம் வந்து நிற்கும். அதில் ஒன்று தேறினால் அன்றைக்கு நல்ல நாள். ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு பெண் இயந்திரத்திடம் கெஞ்சிப் பிழைக்க வேண்டியிருக்கிறதே என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வருஷம் காபி நிறுவனம் ஒன்று வந்தது. அவர்களுக்குக் கையால் செய்த மாதிரி விளம்பரம் வேண்டுமாம். கிழித்த காகிதம், ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய துண்டுகள், வெளியே தெரியும் டேப். கையால் செய்ய ஒருவரைக் கூப்பிடலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. இந்தக் காலத்துப் புத்தி அது.

கிரீட் எழுதிப் பார்த்தாள். 'கிழித்த ஓரம்' என்று எழுதினால் எல்லா ஓரமும் ஒரே அளவு பல் வைத்து, பிஸ்கட் விளிம்பு போல வந்தது. 'டேப்' என்றால் புதுப் பளபளப்போடு நேராக ஒட்டியிருந்தது. காகிதங்களுக்கு நடுவே நிழல் இல்லாததால் அடுக்கு என்பதே தெரியவில்லை. முதலாளி யோரிஸ் எட்டிப் பார்த்துவிட்டு, சுவரில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி இருக்கிறது என்றார்.

அன்று மாலை அவள் தன் தங்கை வேர்லேயை நினைத்துக்கொண்டாள். நினைக்காத நாள் இல்லை என்பது வேறு விஷயம். வேர்லே காகிதம் கிழித்து ஒட்டிப் படம் செய்கிறவள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரு பையோடு வெளியே போனாள். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. போலீஸ் தேடியது, பிறகு தேடுவதை விட்டது.

கிரீட் தங்கையின் கையை அப்படியே எழுதினாள். மெல்லக் கிழித்ததால் அகலமாகத் தெரியும் வெள்ளை நார், ஓரிடத்தில் அவசரமாக இழுத்து அச்சிட்ட பகுதிக்குள் ஓடிய கிழிசல். அடியில் பழைய செய்தித்தாள், அதன்மேல் பழுப்பு உறைக் காகிதம், அதற்கும் மேலே கசங்கிய மெல்லிய தாள். பக்கவாட்டு வெளிச்சம், ஒவ்வொரு அடுக்கின் கீழும் ஒடுங்கிய நிழல். சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் ஒட்டும் மங்கிய மஞ்சள் டேப், கையால் பிய்த்தது, கோணலாக ஒட்டியது, ஒரு முனை உள்ளே மடித்தது. அந்த மடிப்பு வேர்லேயின் பழக்கம். நாளைக்கு மனசு மாறினால் நகம் உடையாமல் உரிக்கலாம் என்பாள். கத்தரி வெட்டு வேண்டாம், வழவழப்பு வேண்டாம் என்றும் சேர்த்தாள். வீட்டிலிருந்த வேர்லேயின் மூன்று படங்களை ஸ்கேன் செய்து மாதிரிக்கு இணைத்தாள்.

வந்த படத்தைப் பார்த்து கிரீட் நாற்காலியிலேயே அழுதாள். தங்கை பக்கத்து அறையில் உட்கார்ந்து செய்து அனுப்பியது போல இருந்தது. பொய் என்று தெரிந்தும் அந்த வாரம் முழுக்க அவள் சந்தோஷமாக இருந்தாள். யோரிஸ் தோளைத் தட்டிக் கொடுத்தார். டிராம் நிறுத்தங்களில் எல்லாம் விளம்பரம் ஏறியது.

அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. கோதலீவ் அம்மாவுக்கு எண்பதை எட்டும் வயது, ஊரை ஒட்டிய லெடெபெர்கில் தனியாக இருக்கிறார். காபி விளம்பரத்தை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று கிரீட் இருந்துவிட்டாள். பெற்றவளின் கண்ணை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனபோது அம்மா தலைக்குச் சாயம் பூசியிருந்தார். அடுப்பில் பீர் ஊற்றிய மாட்டிறைச்சிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வேர்லே இருந்த காலத்தில் வைப்பது அது. மேஜைமேல் விளம்பரத்தின் புகைப்படங்கள், ஏழெட்டுக் கோணத்தில்.

"உக்காரு. உன் தங்கச்சி உயிரோட இருக்கா," என்றார் அம்மா. "டேப்ப பாரு, முனைய மடிச்சிருக்கா. கழுத, இன்னும் அந்தப் பழக்கம் போகல."

அம்மா நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். அடியில் ஒட்டியிருந்த செய்தித்தாளை அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார். அது டச்சும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. அதனால் வேர்லே எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிறாள். நூலகத்துக்குப் படத்தை எடுத்துக்கொண்டு போய் என்ன மொழி என்று கேட்டிருக்கிறார். அங்கிருந்த பையனுக்குத் தெரியவில்லையாம், லித்துவேனிய மொழியாக இருக்கலாமோ என்றானாம். அம்மா அந்த நாட்டுக்கு ரயில் விசாரித்துவிட்டார்.

அது எந்த ஊர் மொழியும் இல்லை. இயந்திரம் செய்தித்தாள் போடும்போது எழுத்து மாதிரி எதையோ கிறுக்கி வைக்கும். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் இருக்காது. அலுவலகத்தில் எல்லாரும் பார்த்தார்கள், பின்னணிதானே என்று விட்டார்கள். ஊரிலேயே அதை உட்கார்ந்து வாசிக்க முயன்றது இந்த ஒரு அம்மாதான்.

சொல்லாமல் விட்டால் அம்மா ரயில் ஏறிவிடுவார். சொன்னால் அம்மாவுக்கு வேர்லே மறுபடி தொலைந்துபோவாள். கிரீட் மடிக்கணினியைத் திறந்தாள்.

"அம்மா, அது வேர்லே செஞ்சதில்ல. நான் எழுதினது."

அம்மாவுக்குப் புரியவில்லை. கிரீட் தட்டச்சு செய்து காட்டினாள். நான்கு படம் வந்தது, நான்கிலும் டேப்பின் முனை மடிந்திருந்தது. இன்னொரு தடவை செய் என்றார் அம்மா. மறுபடி நான்கு. அம்மா ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். எழுத்துகள் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு கிறுக்கலாக இருந்தன.

"ஒம்பது வருஷமா அவ செத்துட்டானு யாரும் என்கிட்ட சொல்லல," என்றார் அம்மா. குரல் உயரவே இல்லை. "இன்னிக்கு நீ சொல்லிட்ட."

அப்படிச் சொல்லவில்லை என்று கிரீட் மன்றாடினாள். அம்மா எழுந்து போய் அடுப்பை அணைத்தார். குழம்பை டப்பாவில் ஊற்றி அவள் கையில் கொடுத்தார். தனக்கென்று ஒரு கரண்டிகூட வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் கிரீட் யோரிஸிடம் விஷயத்தைச் சொல்லி, அந்தக் குறிப்பை எடுத்துவிடக் கேட்டாள். யோரிஸ் கெட்டவர் இல்லை, கேட்டதும் முகம் வாடிப்போனார். ஆனால் குறிப்பு 'கிரீட் பாணி' என்ற பெயரில் அலுவலகத்தில் எல்லாரும் எடுக்கும் பொதுக் கோப்புறைக்குப் போய்விட்டிருந்தது. மற்றவர்கள் அதை வைத்து ஒரு மெத்தைக் கடைக்கும் தேர்தல் வேட்பாளர் ஒருவருக்கும் வேலை முடித்திருந்தார்கள். வில்லிலிருந்து விட்ட அம்பு. குளிர் வருவதற்குள் வேர்லேயின் கை ஊர் முழுக்க ஒட்டப்பட்டிருந்தது.

அம்மா டிராம் ஏறுவதை விட்டுவிட்டார். மூட்டு வலியோடு கடைக்கும் மருந்தகத்துக்கும் நடக்கிறார். சனிக்கிழமைகளில் கிரீட் கூடப் போகிறாள். ஒரு சனிக்கிழமை மழையில் விளம்பரம் ஒட்டிய டிராம் நிறுத்தத்தைக் கடந்தபோது, அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தை வீடுகளின் பக்கம் திருப்பிக்கொண்டார். வழுக்கப் போகிறது, முன்னால் பார்த்து நடங்கள் என்றாள் கிரீட்.

"நீயே பாத்து கூட்டிட்டுப் போ," என்றார் அம்மா. "பாத்தா நான் மறுபடியும் நம்பிடுவேன்."