வாசலில் நின்ற தூபக்கால்

நாற்பது வருஷமாக வியாழக்கிழமை சாயங்காலம் கணவர் சாந்த் பாஷாவின் தலைமாட்டில் லோபான் சாம்பிராணிப் புகை காட்டியவள் ஃபகருன்னிசா. இப்போது ஜூஜுவாடி வீட்டில் அந்த இடத்தை ஆக்ஸிஜன் மிஷினும் மருமகளும் பிடித்துக்கொண்டார்கள். மனுஷர் எதற்கெடுத்தாலும் "சுஹைனா" என்றுதான் கூப்பிட்டார். ஃபகருன்னிசாவுக்கு வயிறு எரிந்தது.

அன்றும் தணலோடு வந்தவளைச் சுஹைனா வாசலிலேயே மறித்தாள்.

"மாமி, நெருப்பு உள்ள வேணாம். மாமா போர்வை, மெத்தையெல்லாம் ஆக்ஸிஜன் தங்கியிருக்கும். ஒரு பொறி பட்டாலும் குப்புனு பத்திக்கும்."

"எனக்கே பாடம் எடுக்கிறயா?"

சுஹைனா கம்பெனி பஸ் ஏறியதும் ஃபகருன்னிசா தூபக்காலை மறுபடி கையிலெடுத்தாள். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. மிஷின் அலாரம் வீறிட, காற்று நின்றது. வாசற்படியில் நின்றவள் தணலைப் பார்த்தாள். மூச்சுக்குத் தவிக்கும் கணவரைப் பார்த்தாள். தூபக்காலை வெளியிலேயே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

பொறாமையில் ஒரு மாதமாக மருமகளின் கைகளையே முறைத்துக்கொண்டிருந்தது வீண்போகவில்லை. குழாயை மிஷினிலிருந்து கழற்றி, பக்கத்தில் நின்ற சிலிண்டரில் மாட்டி, வால்வை மெல்லத் திறந்து, டாக்டர் எழுதிக் கொடுத்த இரண்டு லிட்டர் அளவில் நிறுத்தினாள்.

மூச்சு சீரானது. சாந்த் பாஷா கண் திறக்காமலே அவள் கையைத் தடவினார்.

"சுஹைனா, நீ நல்லா இருக்கணும்மா."